புகார் அழைப்புக் குறிப்பு: இரண்டு இடத்தில் உங்கள் யோசனை வேண்டும்

வணக்கம். இரண்டு முறை பழுது பார்த்தும் தண்ணீர் வெளியேறாத வாஷிங் மெஷினுக்காக நாளை வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்ய வேண்டும். அரைப் பக்கக் குறிப்பு தயார்: பில் எண், வாங்கிய தேதி, மெஷினின் சீரியல் எண், மெக்கானிக் வந்த இரண்டு தேதிகள், பழைய புகார் எண்கள்.

பேச வேண்டியது இவ்வளவுதான்:

"இது புதுப் புகார் இல்லை, இந்த எண்ணின் தொடர்ச்சி. அதே பழுது மூன்றாம் முறை வந்திருக்கிறது. மெஷினை மாற்றித் தர வேண்டும். எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வீர்கள்?"

முதல் வாக்கியத்தை விட்டால் புது எண் போட்டுவிடுவார்கள். பழைய இரண்டு வருகையும் கணக்கில் வராமல் போகும். கதையை முதலிலிருந்து சொன்னாலும் இதே கதிதான்.

போனை வைத்த ஒரு மணி நேரத்துக்குள் மின்னஞ்சல். தலைப்பில் புகார் எண். உள்ளே பேசிய நேரம், பேசியவர் பெயர், அவர் ஒப்புக்கொண்டது, மறுத்தது. கடைசியில், "இதில் தவறு இருந்தால் இரண்டு வேலை நாளுக்குள் தெரிவிக்கவும்."

என் சந்தேகம்: தேதி சொல்லாமல் "சீக்கிரம் பார்க்கிறோம்" என்றால் அதை எப்படி எழுதுவது? "தேதி கேட்டேன், தரப்படவில்லை, ஏழு நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்" என்று எழுதலாமா? நாமே ஒரு தேதியை அவர்கள் சொன்னதாக எழுதினால் மொத்தக் கடிதமும் நம்பிக்கை இழக்கும் என்று தயங்குகிறேன். பெயர் சொல்ல மறுத்தால் எதைக் குறித்துக்கொள்வீர்கள்?