ஒன்றரை நிமிட வீடியோவில் பிரார்த்தனை, தியானம், வழிபாடு: எங்கே கோடு போடுவது?

கொடை_கேமரா:
கொடைக்கானலில் விடுதி நடத்தும் ஒருவருக்காக ஒன்றரை நிமிட வீடியோ எடுக்கிறேன். பார்க்கப்போவது இதில் அரிச்சுவடியும் தெரியாத காலேஜ் பிள்ளைகள். பிரார்த்தனை, தியானம், வழிபாடு மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று புரிய வேண்டும். எந்த மதத்துக்காரர் பார்த்தாலும் "இது எங்களுக்குப் பொருந்தாது" என்று சொல்லிவிடக் கூடாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பூம்பாறை_பூண்டு:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாம் கடவுளிடம் பேசினால் பிரார்த்தனை. கடவுள் பேசுவதை நாம் கேட்டால் தியானம். பூ, சூடம், மணி என்று கையால் செய்தால் வழிபாடு. மூன்று ஷாட், ஆளுக்கு முப்பது நொடி. வேலை முடிந்தது.

பெருமாள்மலை_வாத்தியார்:
பூண்டு தம்பி, முதல் வரி சரி. இரண்டாவது வரிதான் இடிக்கிறது. எங்கள் ஊரிலேயே போதி ஜெண்டோ என்ற ஜென் தியான மையம் இருக்கிறது. 1996-ல் ஆமா சாமி என்ற இயேசு சபைப் பாதிரியார் தொடங்கியது. அங்கே உட்காருபவர் எந்தக் குரலையும் எதிர்பார்த்து உட்காருவதில்லை. மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவார், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். நடுவில் மனம் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டால், போனது தெரிந்த இடத்திலிருந்து திரும்ப ஒன்று. இருபத்தைந்து நிமிடம் இப்படி, அப்புறம் எழுந்து மெதுவாக நடை. இதில் எதிர்ப்பக்கம் பேசுபவர் யாரும் தேவையில்லை. "கடவுள் பேசுவதைக் கேட்பது" என்று வீடியோவில் சொன்னால் இந்த மனிதர் செய்வது தியானமே இல்லை என்றாகிவிடும்.

கேமரா தம்பிக்கு ஒரு யோசனை. மூன்று சொல்லையும் வரிசையாக வைத்து விளக்கம் சொல்லாதே. ஒன்றும் தெரியாதவருக்கும் தெரிந்த சொல் ஒன்று இருக்கிறது: "சாமி கும்பிட்டேன்". அந்த ஒரு கும்பிடுக்குள் என்னென்ன நடக்கிறது என்று பிரித்துக் காட்டு.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு ஒரு பாட்டி வருகிறார் என்று வை. பூவைக் கொடுக்கிறார், தீபாராதனை காட்டும்போது கை கூப்புகிறார், சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார், திருநீறு பூசுகிறார். இதுவரை எதையும் கேட்கவில்லை. பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்போமே, அந்த மாதிரி உபசாரம், மரியாதை. இது வழிபாடு. அடுத்து அர்ச்சனை. பேரன் பெயர், நட்சத்திரம் சொல்லி, "இவனுக்கு இந்த வருசமாவது வேலை கிடைக்கணும்" என்கிறார். இது பிரார்த்தனை. கிளம்பும் முன் பிராகாரத்தில் ஒரு ஓரமாக உட்காருகிறார். மனத்தை ஒன்றிலேயே நிறுத்தி, அது நழுவும்போது திரும்பக் கொண்டுவந்தால் தியானம். வெளியே விட்ட செருப்பு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தால் அது வெறுமனே உட்காருவதுதான்.

பண்ணைக்காடு_பாய்:
வாத்தியாரே, நல்லா இருக்கு. ஆனால் கோயிலை மட்டும் காட்டினால் தம்பி கேட்ட "எந்த மதத்துக்காரரும்" என்பது அடிபட்டுப் போகும். இன்னொரு வம்பும் இருக்கிறது. இங்கிலீஷில் தொழுகையையும் பிரேயர் என்கிறார்கள், துவாவையும் பிரேயர் என்கிறார்கள். அதைப் பார்த்து எழுதுகிறவர்கள் "முஸ்லிம்கள் தினம் ஐந்து முறை பிரார்த்தனை செய்கிறார்கள்" என்று போட்டுவிடுகிறார்கள். ஐந்து வேளைத் தொழுகைக்கு நேரம் உண்டு, நிற்பது குனிவது நெற்றி தரையில் படுவது எல்லாவற்றுக்கும் முறை உண்டு. அது வழிபாடு. தொழுது முடித்துக் கையேந்தி "உம்மாவுக்கு உடம்பு தேறணும்" என்று தமிழில் கேட்கிறேனே, அந்த துவாதான் நீங்கள் சொல்லும் பிரார்த்தனை.

இதையும் முழுக்க வெட்டிப் பிரிக்க முடியாது. தொழுகைக்குள் ஓதும் பாத்திஹா சூராவிலேயே "எங்களை நேர்வழியில் நடத்து" என்று ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வழிபாட்டுக்கு உள்ளேயே பிரார்த்தனை.

செபமாலை_செல்வி:
அதேதான் எங்களுக்கும். திருப்பலி முழுவதும் வழிபாடு, அதன் நடுவில் மன்றாட்டுகள் என்று ஒரு பகுதி வரும்.

என் கதையையும் கேளுங்கள். போன வருடம் ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். "தினமும் தியானம் பண்ணுவீங்களா" என்று கேட்டார்கள். செபமாலை சொல்கிறேன் என்றேன். "அது தியானம் இல்லை, வெறும் வாய் வார்த்தை" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து வெகு நேரம் யாரோடும் பேசவில்லை. செபமாலையில் வாய் அருள்நிறை மரியே சொல்லும்போது மனம் இயேசுவின் வாழ்க்கையில் ஒரு காட்சியில் நிற்க வேண்டும். அதுதான் எங்களுக்குத் தியானம். தவக்காலத்தில் "மூன்று நாள் தியானம்" என்று போஸ்டர் ஒட்டினால் அது பிரசங்கம் கேட்கப் போவது! கேமரா தம்பி, தியானம் என்றால் ஒன்றையும் நினைக்காமல் இருப்பது என்று மட்டும் சொல்லிவிடாதே.

இன்னொன்று. ஜெபம் என்று நான் சொன்னால் கடவுளோடு பேசுவது. என் பக்கத்து வீட்டு மாமி ஜபம் என்று சொன்னால் ஒரே மந்திரத்தை நூற்றெட்டு தடவை சொல்வது. காதில் விழுவது கிட்டத்தட்ட ஒரே சொல்.

பெருமாள்மலை_வாத்தியார்:
செல்வி சொன்னது முக்கியம். வீடியோவில் ஜெபம் என்ற சொல்லே வரக் கூடாது. கேட்கிறவர் அவரவர் வீட்டு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

யோகா வகுப்பில் சொன்னது தவறு. ஒரு காட்சியில் மனத்தை நிறுத்துவதும் தியானம்தான், மூச்சில் நிறுத்துவதும் தியானம்தான். "ஒன்றையும் நினைக்காமல்" என்பது ஜெண்டோவில் உட்காருபவருக்கே நடக்காத காரியம். கவனம் நழுவுவதும் திரும்புவதும்தான் அங்கே வேலை.

கீழ்மலை_காப்பி:
எனக்குத் தியானத்தில் உட்கார்ந்தாலே தூக்கம் வருகிறது. இந்த மூன்றில் தூக்கம் வராதது எது? வயது 58.

பெருமாள்மலை_வாத்தியார்:
ஐயா, இங்கே பேச்சு வேறு. இருந்தாலும் சொல்கிறேன்: சாப்பிட்டவுடன் உட்காராதீர்கள், கண்ணை முழுக்க மூடாமல் பாதி திறந்து தரையைப் பாருங்கள்.

பூம்பாறை_பூண்டு:
என் வரி தப்பு என்றீர்களே, உங்கள் பாட்டி மட்டும் சரியா? கை அசைந்தால் வழிபாடு, கண்ணை மூடி உட்கார்ந்தால் தியானம் என்றுதான் நீங்களும் காட்டுகிறீர்கள். பூசலார் நாயனார் என்ன செய்தார்? திருநின்றவூரில் கையில் காசில்லாமல் உட்கார்ந்த இடத்திலேயே மனத்துக்குள் கல் அடுக்கி, கோபுரம் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். பல்லவ ராஜா கட்டிய நிஜக் கோயிலுக்கும் அதே நாள். சாமி முதலில் போனது பூசலார் கோயிலுக்கு. உங்கள் கேமராவில் அவர் கண்ணை மூடிய ஆள். அவர் செய்தது வழிபாடு.

பெருமாள்மலை_வாத்தியார்:
ஒத்துக்கொள்கிறேன் தம்பி. வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிக்க முடியாது, நான் அதில் சறுக்கிவிட்டேன். படம் பாட்டியைக் காட்டட்டும், பிரிக்கும் வேலையைக் குரல்தான் செய்ய வேண்டும். இரண்டே கேள்வி போதும்.

எதிரில் யாருமே இல்லை என்றால் எது நின்றுபோகும்? கேட்பது நின்றுபோகும், மரியாதை செய்வதும் நின்றுபோகும். மூச்சை எண்ணுவது நிற்காது. தியானம் தனியே பிரிந்துவிட்டது. செல்வியின் காட்சித் தியானத்தில் இயேசு இருக்கிறார், அது தியானமும் பிரார்த்தனையும் கலந்தது. வீடியோவில் அதற்கு ஒரு வரி கொடு.

எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றால் எது மிஞ்சும்? வழிபாடு மிஞ்சும். பழனிக்குப் பக்கத்தில் ஐவர்மலை இருக்கிறதே, அங்கே பாறையில் தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சமணக் கொள்கைப்படி அவர்கள் விடுதலை அடைந்தவர்கள், யாருக்கும் வரம் கொடுக்க இறங்கி வருவதில்லை. ஆனாலும் வணங்கினார்கள். கேட்காத வழிபாட்டுக்கு இதைவிட நல்ல காட்சி இந்த மலையில் கிடைக்காது.

பண்ணைக்காடு_பாய்:
இரண்டாவது கேள்வி எனக்கு இடிக்கிறது. பிரார்த்தனை என்றால் கேட்பது மட்டுமா? "அல்ஹம்துலில்லாஹ், மழை வந்தது" என்று நன்றி சொன்னால் அது எதில் சேரும்? ஒன்றும் வேண்டாம் என்றாலும் நன்றி மிஞ்சுமே.

பெருமாள்மலை_வாத்தியார்:
பாய், அங்கே கோடு மங்கல்தான். நன்றியை நான் பிரார்த்தனையில் வைப்பேன், வார்த்தையால் ஒருவரைப் பார்த்துச் சொல்வதால். நீங்கள் வழிபாட்டில் வைத்தாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

கொடை_கேமரா:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ஒரு குரல் பதிவு செய்து பார்த்தேன். என் வேகத்துக்கு நிமிடத்துக்கு நூறு சொல்தான் வருகிறது, ஆக மொத்தம் நூற்றைம்பது சொல். பூசலார், ஐவர்மலை இரண்டையும் வைத்தால் இருநூற்றைத் தாண்டுகிறது. பூசலாரை வெட்டிவிட்டேன், பூண்டு அண்ணா மன்னிக்கவும். கோயிலுக்குள் போன் எடுக்க முடியாது, அதனால் பாட்டியை வாசலிலும் வீட்டுப் பூஜை அலமாரி முன்னாலும் எடுக்கிறேன். துவாவுக்கு ஏந்திய கைகள் ஒரு ஷாட், செபமாலை ஒரு ஷாட்.

இப்போது தொடக்கம் இப்படி: "சாமி கும்பிட்டேன் என்கிறோம். அந்த அஞ்சு நிமிசத்துல எத்தனை காரியம் நடந்துச்சு?"

ஸ்டாண்டில் ஒரு டிரைவர் அண்ணனிடம் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, புரியுது. பழனியில மொட்டை போடுறது இதுல எதுல வரும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பூம்பாறை_பூண்டு:
"பழனிக்கு ஒரு பிரார்த்தனை இருக்கு" என்றுதானே சொல்கிறோம். பிரார்த்தனைதான்.

பெருமாள்மலை_வாத்தியார்:
கேட்டது அன்று, மொட்டை போடுவது இன்று. கேட்டது பிரார்த்தனை. முடியைக் கொடுப்பது வழிபாடு. நம் பேச்சில் நேர்த்திக்கடனுக்கும் பிரார்த்தனை என்றே பெயர் வந்துவிட்டது. வேண்டுதல் என்று மாற்றினாலும் அதே சிக்கல்தான்.

செபமாலை_செல்வி:
கடனை அடைப்பது மரியாதை செய்வதா? வேளாங்கண்ணிக்கு நான் நடந்து போனது கேட்டதன் தொடர்ச்சிதான், எனக்கு அது ஒரே பிரார்த்தனை. வாத்தியார் ரொம்பப் பிரிக்கிறார்.

பண்ணைக்காடு_பாய்:
கேமரா தம்பி, பதில் தேடாதே. அந்த டிரைவரை அப்படியே கடைசிப் பத்து நொடியில் பேச வை, கேள்வியோடு முடி. கமெண்டில் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

கொடை_கேமரா:
கேட்டுவிட்டேன் பாய். சம்மதம்தான், ஆனால் மே மாசக் கூட்டம் குறையட்டும், இப்போது ஸ்டாண்டில் நின்று பேச நேரமில்லை என்கிறார். அவரும் மொட்டை போட்டு மூன்று வாரம்தான் ஆகிறதாம், முடி கொஞ்சம் வளரட்டும் என்கிறார்.