மாலை ஏழு மணிக்கு மேல் கேபிள் இன்டர்நெட் படுத்துவிடுகிறது: டெக்னீஷியனிடம் என்ன சொல்வது?

பேஸ்மென்ட்வாசி
டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியிருக்கிறோம். கேபிள் இன்டர்நெட், 300 எம்பிபிஎஸ் பிளான். காலையில் 280 வரை வருகிறது, மாலை ஏழு தாண்டினால் 20, 25தான். ஊரில் இருக்கும் அம்மாவுடன் வீடியோவில் பேசினால் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. டெக்னீஷியன் இரண்டு முறை வந்தார், இரண்டும் காலை 11 மணிக்கு. "சிக்னல் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிப் போய்விட்டார். மூன்றாம் முறை வரும்போது என்ன சொல்லட்டும்?

ரவுட்டர்ராசா
கேபிளில் ஒரே லைனைத் தெருவே பங்கு போட்டுக்கொள்கிறது. மாலையில் எல்லாரும் படம் பார்ப்பார்கள், வேகம் குறையும். டெக்னீஷியன் வந்து ஒன்றும் ஆகாது, கம்பெனியை மாற்றுங்கள்.

மயிலைமாமி
எங்கள் வீட்டிலும் இதேதான். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பீரோவுக்குப் பின்னால் வயர் மடங்கிக் கிடந்ததாம், நேராக்கியதும் சரியாகிவிட்டது. சிவப்பு விளக்கு எரிகிறதா பாருங்கள்.

பேஸ்மென்ட்வாசி
மாமி, உங்களுடையது ஃபைபர் என்று நினைக்கிறேன். எனக்கு வருவது பழைய டிவி கேபிள் போன்ற தடித்த கறுப்பு வயர், நுனியில் நட்டு மாதிரி திருகுவது.

கோஆக்ஸ்அண்ணா
எட்டு வருடம் இந்த வேலை செய்தவன், அதனால் சொல்கிறேன். நெரிசலாகவும் இருக்கலாம், ஆனால் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். இன்று இரவு ஒன்பது மணிக்கு லேப்டாப்பை வயர் போட்டு மோடத்தில் சொருகி, `192.168.100.1` என்ற பக்கத்தைத் திறந்து படம் எடுங்கள். நாளை காலையிலும் அதே மாதிரி. நடுவில் மோடத்தை அணைக்காதீர்கள், பிழைக் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும்.

வெறும் நெரிசல் என்றால் வேகம் மட்டும் விழும், சரிசெய்ய முடியாத பிழைகளைக் காட்டும் `Uncorrectables` எண்ணிக்கை பெரிதாக ஏறாது. கனெக்டர் கோளாறு என்றால் அது மாலையில் மளமளவென்று ஏறும்.

பேஸ்மென்ட்வாசி
எடுத்துவிட்டேன். Downstream காலையில் -9, இரவில் -11 dBmV. Upstream 51. `Uncorrectables` காலையில் நகரவே இல்லை, இரவில் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் கூடியது. லாக்கில் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது:

```
No Ranging Response received - T3 time-out
```

கோஆக்ஸ்அண்ணா
இது லைன் கோளாறு. மோடத்துக்கு வரும் சிக்னலான Downstream -7க்கும் +7க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி, உங்களுடையது அதற்குக் கீழே. மோடம் அனுப்பும் சிக்னலான Upstream 51 என்றால் மோடம் ஏறக்குறைய முழுத் தொண்டையில் கத்துகிறது, அப்படியும் மறுமுனைக்குச் சரியாகக் கேட்கவில்லை. அந்த வரிக்கு அதுதான் பொருள். கனெக்டர் தளர்ந்தால் மோடத்திலிருந்து போகும் சிக்னல்தான் முதலில் அடிவாங்கும், தாழ்ந்த அதிர்வெண்ணில் போவதால். அந்த இடுக்கு வழியாக வெளி இரைச்சலும் புகும். மாலையில் வெளியே குளிர்ந்து உலோகம் சுருங்கும், வீட்டுக்கு வீடு மின்சாதனங்கள் ஓடும்.

மோடத்திலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். நடுவில் ஸ்ப்ளிட்டர் இருக்கிறதா?

பேஸ்மென்ட்வாசி
ஃபர்னஸ் அறையில் இருக்கிறது! நான்கு வழி ஸ்ப்ளிட்டர், மூன்று வாய் சும்மா. உள்ளே வரும் வயரின் நட்டு விரலாலேயே சுழல்கிறது. கழற்றினால் நடுச் செம்புக் கம்பியில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் கேட்டேன், அது டிவி காலத்துப் பெட்டியாம், இப்போது யாருக்கும் வேண்டாம், எடுத்துவிடலாம் என்றார்.

கோஆக்ஸ்அண்ணா
நான்கு வழி ஸ்ப்ளிட்டர் மட்டும் சுமார் 7 டெசிபெல் தின்னும். அதை எடுத்துவிட்டு இரண்டு வயரையும் ஒரு ஜாயின்டரில் சேருங்கள். விரலால் இறுக்கி, அப்புறம் 11 மி.மீ. ஸ்பேனரால் அரைக்கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். மோடம் பக்கம் விரல் இறுக்கம் போதும், ஸ்பேனர் போட்டால் உள்ளே போர்டு உடையும். பச்சை படிந்த நுனியைச் சுரண்டாதீர்கள், புது கனெக்டர்தான் வழி. அதற்கான கருவி டெக்னீஷியனிடம் இருக்கும். வெளிச்சுவர்ப் பெட்டியையும் கம்பத்தையும் நீங்கள் தொடக் கூடாது.

போனில் "ஸ்லோ" என்று மட்டும் சொல்லாதீர்கள், மோடத்தை அணைத்துப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள். "மாலை ஏழுக்கு மேல் T3 வருகிறது, Uncorrectables ஏறுகிறது, Upstream 51, படம் இருக்கிறது" என்று சொல்லி, மாலை நேரமே கேளுங்கள். வந்ததும் ஸ்ப்ளிட்டர் இருந்த இடத்தையும் சுவர்ப் பெட்டியையும் காட்டி, இரண்டு இடத்திலும் கனெக்டரை மாற்றச் சொல்லுங்கள்.

பேஸ்மென்ட்வாசி
ஸ்ப்ளிட்டரை எடுத்த அன்றே Downstream -4, Upstream 44. ஆனால் மாலையில் T3 நிற்கவில்லை. நேற்று ஆறரைக்கு வேறொரு டெக்னீஷியன் வந்தார். படங்களைக் காட்டியதும் நேராகச் சுவர்ப் பெட்டிக்குப் போனார். அங்கே கனெக்டருக்குள் தண்ணீர். இரண்டையும் மாற்றினார். நேற்று இரவு ஒரு T3கூட இல்லை, அம்மாவுடன் ஒரு மணி நேரம் தடங்கலில்லாமல் பேசினேன். வேகம் மட்டும் ஒன்பது மணிக்கு 180தான், பிழை எண்ணிக்கை நகரவில்லை.

ரவுட்டர்ராசா
அந்த 180 நான் சொன்ன நெரிசல்தானே?

கோஆக்ஸ்அண்ணா
இருக்கலாம் தம்பி. பேஸ்மென்ட்வாசி, ஒரு வாரம் தினமும் ஒன்பது மணிக்கு வயர் போட்டு அளந்து எழுதுங்கள், பார்க்கலாம். மழை பெய்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.