'லாம்', 'தல் வேண்டும்', 'உட்பட': பெயர் வைக்க வேண்டிய மூன்று சொற்கள்

தேவகி (திருகோணமலை):

வணக்கம். சட்டச் சொற்கோவையில் 'ஷல்' என்றால் 'தல் வேண்டும்', 'மே' என்றால் 'லாம்', 'இன்க்ளூடிங்' என்றால் 'உட்பட' என்று எழுதி மூடிவிட்டோம். அது போதாது என்பது என் எண்ணம்.

2018 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதை எதிர்த்து, எங்கள் மாவட்ட உறுப்பினராக இருந்த சம்பந்தன் ஐயாவின் பெயரில் அறியப்படும் வழக்கை நினைத்துப் பாருங்கள். அன்றைய அரசியலமைப்பின் 33(2) ஆம் உறுப்புரை, கலைக்கும் அதிகாரம் சனாதிபதிக்கு உண்டு என்கிறது. ஆங்கிலத்தில் அங்கே இருப்பது 'ஷல்'. ஆனால் யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. அதிகாரம் இருப்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். 70(1) இல் 'மே' வருகிறது: கலைக்கலாம். அதற்கு நிபந்தனை போடும் காப்புவாசகத்தில் மறுபடியும் 'ஷல்', இம்முறை எதிர்மறையில்: முதற்கூட்டம் கூடி நான்கரை வருடம் ஆகும்வரை, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தீர்மானம் போட்டுக் கேட்டாலன்றி, கலைக்கக் கூடாது. 33(2) தனித்த அதிகாரம், 70(1) அதைக் கட்டுப்படுத்தாது என்று அரச தரப்பு வாதாடியது. ஏழு நீதியரசர்களும் டிசம்பர் 13 அன்று அதை ஒருமனதாக நிராகரித்தார்கள்.

ஆக ஒரே வழக்கில் ஒரே 'ஷல்' இரண்டு வேலை பார்க்கிறது. இந்த வேலைகளுக்குத் தனித்தனிப் பெயர் வேண்டும். இந்த வகைச் சொற்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகப் 'பிணைச்சொல்' என்று வைக்கலாமா?

சிவா (கொழும்பு):

அக்கா, இதைப் பெரிதாக்கத் தேவையில்லை. இணைய நெறிமுறை எழுதுகிறவர்கள் 1997 லேயே RFC 2119 என்று ஓர் ஆவணம் போட்டு முடித்துவிட்டார்கள். MUST, SHALL இரண்டும் கட்டாயம், MAY விருப்பம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். தமிழில் வியங்கோள் இருக்கிறதே: கட்டாயத்துக்குச் 'செய்க', விருப்பத்துக்குச் 'செய்யலாம்'. 'லாம்' என்று இருந்தால் கட்டாயமில்லை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இளங்கோ (சட்டத்தரணி, உவர்மலை):

தம்பி சிவா, புதிதாக எழுதும் ஆவணத்துக்கு நீங்கள் சொல்வது சரி. முதல் பக்கத்திலேயே பொருளை வரையறுத்துவிட்டால் பாதிச் சண்டை இல்லை. ஆனால் நாங்கள் மொழிபெயர்ப்பது ஏற்கெனவே எழுதப்பட்டவற்றை. அதோடு வியங்கோள் வாழ்த்தவும் வரும், வையவும் வரும், கெஞ்சவும் வரும். 'கட்டணம் செலுத்துக' என்பது கட்டளையா வேண்டுகோளா என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

'லாம்' என்றால் கட்டாயமில்லை என்பதும் முழுக்கச் சரியல்ல. 1880 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ஜூலியஸ் வழக்கில், ஒரு மதகுருவுக்கு எதிரான முறைப்பாட்டை விசாரிக்க ஆயர் மறுத்தார். ஆயர் விசாரணைக்கு ஏற்பாடு செய்வது சட்டப்படியானதாக இருக்கும் என்பது சட்டத்தின் வாசகம். அதன் ஆங்கிலத்தில் 'ஷல்' இருந்தும், அது அதிகாரம் தருவது மட்டுமே என்று சொல்லி ஆயரை வெல்ல வைத்தார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: ஒருவருடைய நன்மைக்காகப் பொது அதிகாரி ஒருவரிடம் ஓர் அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தால், உரிய ஆள் உரிய நிலையில் வந்து கேட்கும்போது அதைப் பயன்படுத்துவது அவருக்குக் கடமையாகவும் ஆகலாம். சொல்லின் பொருள் 'லாம்' தான். கடமை சூழ்நிலையிலிருந்து வருகிறது.

'பிணைச்சொல்' வேண்டாம் தேவகி. நீதிமன்ற வளவில் பிணை என்றால் ஆளை வெளியே எடுப்பது.

ரிஸ்வானா (கிண்ணியா):

எல்லோருக்கும் ஸலாம். சட்டத்தரணி சேர் இருப்பதால் கேட்கிறேன். திருகோணமலை டவுனில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்திருந்தோம். விட்டு வந்த பிறகு உரிமையாளர் முற்பணத்தைத் தரவில்லை. 'கொடுக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறது, கொடுக்க வேண்டும் என்று இல்லையே' என்கிறார். நீங்கள் சொன்ன ஆயர் வழக்கை வைத்து அவரிடம் கேட்கலாமா?

இளங்கோ:

தங்கச்சி, அது பொது அதிகாரம் பற்றியது, கடை உரிமையாளர் ஆயர் அல்ல. அந்த வசனத்தை முழுதாகப் போடுங்கள்.

ரிஸ்வானா:

'வாடகைக் காலம் முடிந்ததும், சேதம் இருப்பின் அதற்குரிய தொகையைக் கழித்து, மீதியை உரிமையாளர் திருப்பிச் செலுத்தலாம்.' ஆங்கிலப் பிரதியைப் பார்த்து எழுதியதாகச் சொன்னார்கள். அந்தப் பிரதி கையில் இல்லை.

இளங்கோ:

எல்லோரும் இதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் இந்த வாசகம் வழக்கமாக இரண்டு வினையாக வரும்: கழிப்பதற்கு 'மே', திருப்பித் தருவதற்கு 'ஷல்'. தமிழில் எழுதும்போது முதல் வினை 'கழித்து' என்று எச்சமாகிவிடுகிறது. முற்று ஒன்றுதான் மிஞ்சும். அதில் தொங்கும் 'லாம்' இரண்டையும் ஆளும். 'செலுத்துதல் வேண்டும்' என்று முடித்திருந்தால் மறுபக்கம் கோளாறு: கழிப்பதும் கட்டாயம் போலாகும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிழை தெரியாது. இலக்கணமும் சுத்தமாக இருக்கும். இரண்டு வசனமாக உடைப்பதுதான் வழி: 'சேதத்துக்குரிய தொகையை உரிமையாளர் கழிக்கலாம். மீதியைத் திருப்பிச் செலுத்துதல் வேண்டும்.'

உங்கள் விடயத்தில், முற்பணம் என்று பெயரிட்டு வாங்கியதே திருப்பித் தரும் நோக்கத்தைக் காட்டுகிறது என்று வாதாட இடமுண்டு. ஒப்பந்தம் முழுவதையும் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல மாட்டேன். பிரதியோடு ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள்.

தேவகி:

அப்படியானால் எதிர்மறை இன்னும் மோசம். 'வேண்டும்' என்பதன் எதிர்மறை என்று நினைத்து 'வேண்டியதில்லை' என்று எழுதிய வரைவுகளைத் திருத்தியிருக்கிறேன். 'கலைக்கக் கூடாது' என்பது தடை. 'கலைக்க வேண்டியதில்லை' என்றால் விரும்பினால் கலைத்துக்கொள்ளலாம் என்றாகிவிடும். தடை வகைக்கு 'விலக்குச்சொல்' என்று வைத்தால்?

சிவா:

வரிவிலக்கு, மதுவிலக்கு. ஒன்று விட்டுவிடுவது, மற்றது தடுப்பது. அதற்கே இரண்டு பொருள், அக்கா. 'தடைச்சொல்' போதும்.

மாஸ்டர் (மூதூர்):

பிள்ளைகளே, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான், சட்டம் தெரியாது. 'உட்பட' பற்றி யாரும் பேசவில்லையே. உம்மையில் நமக்கு ஏற்கெனவே ஒரு பிரிவு உண்டு. 'வலையும் ஏற்றினார்கள்' என்றால் வேறும் ஏற்றினார்கள் என்று பொருள், அது எச்சவும்மை. 'மூன்று படகும் வந்தன' என்றால் மிச்சமில்லை, அது முற்றும்மை. அதையே எடுத்து எச்சப்பட்டியல், முற்றுப்பட்டியல் என்று வையுங்களேன்.

இளங்கோ:

மாஸ்டர், அருமை. நியூசிலாந்திலிருந்து லண்டனுக்கு மேன்முறையீடாகப் போன டில்வர்த் வழக்கில் 1899 இல் அங்கிருந்த கோமறைக் கழகம் சொன்னதும் இந்தப் பிரிவைத்தான்: வரைவிலக்கணத்தில் 'இன்க்ளூட்' பொதுவாகப் பொருளை விரிக்கும், ஆனால் சட்டத்தின் போக்கைப் பார்த்து, பட்டியல் அதோடு முடிந்தது என்றும் சில இடங்களில் கொள்ளலாம்.

மூன்றாவது வகையும் உண்டு. தேவகி சொன்ன காப்புவாசகத்திலேயே, சமுகமளிக்காதோர் உட்பட மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு என்று வருகிறது. உறுப்பினர் 225 பேர். ஆக 150 வாக்கு. சபையில் 180 பேர்தான் இருந்தாலும் 150 தான், 120 அல்ல. இந்த 'உட்பட' எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. ஐயத்தை மட்டும் அறுக்கிறது.

சிவா:

எச்சப்பட்டியல் என்றால் எங்கள் அலுவலகத்தில் காகம்தான் ஞாபகம் வரும். 'திறந்த பட்டியல்' என்கிறேன்.

தேவகி:

சொற்கோவையில் இப்போதைக்கு இப்படிப் போடுகிறேன்: கடமைச்சொல், அனுமதிச்சொல், தடைச்சொல், முற்றுப்பட்டியல். எச்சப்பட்டியலும் திறந்த பட்டியலும் இரண்டுமே இருக்கட்டும், பக்கத்தில் கேள்விக்குறி. ஐயமறுக்கும் 'உட்பட'வுக்குப் பெயர் வரவில்லை. 33(2) இல் வரும் அதிகாரம் தரும் 'ஷல்' லுக்கும் பெயர் இல்லை. அதை 'உண்டு' என்றே மொழிபெயர்த்துவிட்டால் பெயரே தேவைப்படாது என்று நினைக்கிறேன். இளங்கோ அண்ணா ஒத்துக்கொள்ள மாட்டார்.

இளங்கோ:

ஒத்துக்கொள்ள மாட்டேன். 'சபை ஏழு உறுப்பினர்களைக் கொண்டிருத்தல் வேண்டும்' என்பதற்கு என்ன செய்வீர்கள்? அங்கே 'உண்டு' நிற்காது.