பாதித் தொட்டியிலேயே முனகும் பஸ்ஸர்: கம்பி குற்றமா, சுற்று குற்றமா?

மொட்டைமாடி: 1000 லிட்டர் தொட்டி வழிவதற்கு முன் அடுப்படியில் பஸ்ஸர் ஒலிக்க வேண்டும் என்று, ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, மரச்சட்டத்தில் அடித்த இரண்டு செம்புக் கம்பிகள் வைத்துச் செய்தேன். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. இப்போது பாதித் தொட்டியிலேயே முனகுகிறது; நிரம்பினால் சன்னமாகத்தான் கேட்கிறது. ஒரு கம்பி பச்சையாகிவிட்டது. கம்பியை மாற்றினால் போதுமா?

மிதவைக்காரர்: போதாது. நேர்மின்னோட்டத்தைத் தண்ணீருக்குள் விட்டால் நேர்முனைக் கம்பி கரையத்தான் செய்யும். எவர்சில்வர் போட்டாலும் மெதுவாகக் கெடும். இந்த முறையையே கைவிடுங்கள். மிதவை சுவிட்ச் போட்டால் மோட்டார் தானாக நிற்கும்.

கிணற்றடி: ஐயா, அரிப்பைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் இரு கம்பிகளும் நனைந்திருக்கும்போதுதான் மின்னோட்டமே ஓடும். மோட்டாரை நிறுத்திய பிறகும் நீர்மட்டம் இறங்கும்வரை இவர் கம்பி நனைந்தே இருந்திருக்கும். பச்சை வந்தது அதனால்தான்.

பாதித் தொட்டியில் முனகுவது வேறு நோய். குற்றவாளி அந்த மரச்சட்டம். மூடிக்கு அடியில் ஆவி படிந்து மரம் ஈரமாகிறது. அந்த ஈரமே இரு கம்பிகளையும் இணைக்கிறது. அது 300 கிலோ ஓம் அளவுக்கு இருந்தாலும், ஒற்றை டிரான்சிஸ்டர் சில மில்லிஆம்பியர் கொடுத்துவிடும். பஸ்ஸர் முழுதாக ஒலிக்காது, முனகும். முனகி முனகியே பேட்டரியும் தீர்ந்திருக்கும். தம்பி, பஸ்ஸர் ஒலிக்கும்போது பேட்டரியை மீட்டரில் பாருங்கள்.

கீழ்வீடு: எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் இரவில் வருகிறது. பஸ்ஸர் வைத்தும் யாரும் எழவில்லை, தொட்டி வழிந்தது. பந்து வால்வு போட்டபின் தொல்லையே இல்லை. இவரும் அதையே போடலாமே?

கிணற்றடி: அம்மா, உங்களுக்கு அது சரி. இவருக்கு மோட்டார் ஏற்றுகிறது. வால்வு மூடிய பிறகும் மோட்டார் ஓடினால் பம்பு சூடேறும்.

மொட்டைமாடி: ஒலிக்கும்போது 6 வோல்ட்தான். சரி, ஈரத்தையும் தண்ணீரையும் சுற்று எப்படிப் பிரித்தறியும்?

கிணற்றடி: இரண்டு டிரான்சிஸ்டர்களை அடுத்தடுத்துப் போடுங்கள். முதலாவதின் எமிட்டர் இரண்டாவதின் பேஸுக்கு. இரண்டாவதின் எமிட்டர் பேட்டரியின் எதிர்முனைக்கு. இரு கலெக்டர்களும் சேர்ந்து பஸ்ஸருக்கு, பஸ்ஸரின் மறுமுனை நேர்முனைக்கு. ஒரு கம்பி 10 கிலோ ஓம் வழியாகப் பேட்டரியின் நேர்முனைக்கு, மற்றது முதல் பேஸுக்கு. அந்த பேஸிலிருந்து எதிர்முனைக்கு 22 கிலோ ஓம் ஒன்று. உயிர்நாடி அதுதான். இரண்டும் சேர்ந்து விழித்துக்கொள்ள ஏறக்குறைய 1.4 வோல்ட் வேண்டும். அது பேஸுக்குக் கிடைக்க, கம்பிகளுக்கு இடையிலான தடை சுமார் 110 கிலோ ஓமுக்குக் கீழே இறங்க வேண்டும். உங்கள் தண்ணீர் 30 கிலோ ஓம் காட்டினால் உரக்க ஒலிக்கும். 300 கிலோ ஓம் ஈரம் எட்டாது.

மரத்தை எடுத்துவிட்டு இரண்டு எவர்சில்வர் கம்பிகளைத் தனித்தனியே தொங்கவிடுங்கள். நுனியில் ஒரு சென்டிமீட்டர் தவிர மற்றதற்கெல்லாம் பிளாஸ்டிக் உறை போடுங்கள்.

மிதவைக்காரர்: அப்படியே ஒலித்தாலும் ஆள் ஓட வேண்டுமே!

கிணற்றடி: அதற்குத்தான் உயரம். ஒரு மீட்டர் அகலத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட 8 லிட்டர். மோட்டார் நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றினால், இரண்டு நிமிட அவகாசத்துக்கு நுனி வழிகுழாய்க்கு 8 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். பலர் குழாய் வாயருகே வைத்துவிட்டு ஏமாறுகிறார்கள். மிதவை சுவிட்சும் சிக்கிக்கொள்ளும் ஐயா. சிக்கினால் சொல்லாமல் வழியும்.

மூன்றுபேஸ்: பேட்டரியை விட்டு அடாப்டருக்கு மாறி, அதை மோட்டார் சுவிட்சுக்குப் பின்னால் இணைத்தால்? மோட்டார் நின்றதும் கம்பியிலும் மின்னோட்டம் இராது, அரிப்பும் குறையும்.

கிணற்றடி: நல்ல யோசனை. ஆனால் டிரான்ஸ்பார்மர் உள்ள அடாப்டராக இருக்க வேண்டும். மின்தேக்கி மட்டும் வைத்த மலிவான பலகைகளில் வீட்டு மின்சாரம் நேரடியாகத் தண்ணீருக்குப் போய்விடும். குளிக்கிற தண்ணீர் அது.

மிதவைக்காரர்: மோட்டாரை நிறுத்தும்போது வரும் மின்வீச்சில் என் அடாப்டர் இரண்டு போய்விட்டன. அதைவிடப் பேட்டரியே மேல்.

கிணற்றடி: எனக்கு மூன்று வருடமாக ஒன்றே ஓடுகிறது.

மொட்டைமாடி: புதுப் பேட்டரியோடு மாற்றிவிட்டேன். தண்ணீர் 24 கிலோ ஓம். ஈரத்துணியால் மூடியைத் துடைத்துப் பார்த்தேன், முனகல் இல்லை. நிரம்பியபோது கீழ்வீட்டுக்கே கேட்டது. மின்வீச்சு விஷயம் தெளியும்வரை பேட்டரிதான். சனிக்கிழமைதோறும் மேலே ஏறி, ஈரவிரலால் இரு நுனிகளையும் சேர்த்துத் தொட்டுச் சோதிக்கப் போகிறேன்.

கிணற்றடி: விரல் தோலின் தடை ஆளுக்கு ஆள் மாறும் தம்பி. ஒரு டம்ளர் தண்ணீரில் நுனிகளை முக்குங்கள்.