முழங்கைக்குக் கீழே கன்றிய இடம்: முடி வெளுக்காமல் சரிசெய்வது எப்படி?

வணக்கம் நண்பர்களே. கல்யாண ஆல்பத்துக்கான ஒரு படத்தில் மாப்பிள்ளையின் முன்கையில் அடிபட்டுக் கன்றிய தடம் இருக்கிறது. நடுவில் ஊதா, ஓரத்தில் மஞ்சள், மேலே அடர்த்தியான முடி. ஃபோட்டோஷாப்பில் ஹீலிங் பிரஷ் போட்டால் முடி பாதியில் அறுந்து, வேறு திசையில் முளைத்த மாதிரி தெரிகிறது.

அதனால் காலி லேயரை Color மோடில் வைத்து, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து, ஃப்ளோ 10% வைத்து மெதுவாகப் பூசினேன். மஞ்சள் முழுதாகப் போய்விட்டது. தோலின் வரிகளும் அப்படியே இருக்கின்றன. ஆனால் இந்த மோடு வெளிச்சத்தைத் தொடாதே, நடுவில் இருட்டு மிச்சம். அதை Curves லேயரில் மாஸ்க் போட்டு ஏற்றினால் தோல் சரியாகிறது, முடி மட்டும் சாம்பலாக வெளுக்கிறது.

Blend If-இல் Underlying Layer-இன் கறுப்பு முனையை Alt அழுத்திப் பிரித்து முடியைக் காப்பாற்றப் பார்த்தேன். ஊதாவின் மையமும் முடியளவு இருட்டு என்பதால் அதுவும் திருந்தாமல் திட்டாக நிற்கிறது.

சிவப்புச் சேனலில் பார்த்தால் தடம் ஏறக்குறைய மறைந்து, முடி மட்டும் கறுப்பாகத் தெரிகிறது. அதிலிருந்தே முடிக்கு மாஸ்க் எடுக்கலாமா? அப்படிச் செய்தவர்கள், மெல்லிய முடிகளின் ஓரத்தில் வெளிறிய கோடு விழாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?