சொந்த குடோனா, ஃபுல்ஃபில்மென்ட்ல விடறதா? (ஆம்பூர் பெல்ட் வியாபாரம்)

பெல்ட்கடை_ஆம்பூர்: லெதர் பெல்ட், பர்ஸ் ஆன்லைன்ல விக்கிறேன். மாசம் 1000 ஆர்டர் வருது, வீட்ல இடம் பத்தல. 7000 வாடகைக்கு ஒரு சின்ன குடோன் பாத்து வச்சிருக்கேன், சரக்க அவங்க இடத்துலயே வச்சி பேக் பண்ணி அனுப்பற ஒரு ஃபுல்ஃபில்மென்ட் கம்பெனியும் சென்னைல இருந்து பேசறாங்க. எது சரி?

காட்பாடி_குமார்: கம்பெனிகிட்ட விடுங்க ப்ரோ. ஆள் லீவு போட்டான்னு நைட்டு ஒரு மணி வரைக்கும் டேப் ஒட்டற வேலை மிச்சம். ஆனா அங்க ஸ்டாக் வச்சா புதுசா ஜிஎஸ்டி நம்பர் எடுக்கணும், அது ஒண்ணுதான் தொல்லை.

பழைய_பேக்கர்: குமாரு, வேற ஸ்டேட்ல வச்சாதான்பா தனி நம்பர். சென்னைன்னா இருக்கிற ரெஜிஸ்ட்ரேஷன்லயே அந்த குடோன கூடுதல் இடமா சேத்துட்டா போதும், ஆனா சேக்காம சரக்கு அனுப்பிடாதீங்க.

இப்ப கணக்குக்கு வரேன். குடோன் வாடகை 7000, ஒரு பையன் சம்பளம் 15000, கரண்ட் 1500, மொத்தம் 23500. கம்பெனி ரேட் ஆர்டருக்கு 25, ஸ்டோரேஜ் 4000, ரிட்டர்ன் ஒண்ணுக்கு 15ன்னு வச்சிக்கலாம். 1000 ஆர்டர்ல 180 திரும்பி வந்தா 31700 ஆவுது. அதே 500 ஆர்டர்னா 17850தான், அப்ப கம்பெனிதான் மலிவு. என் கணக்குல மாசம் 700 தாண்டினா குடோன் ஜெயிக்குது. டப்பா, கூரியர் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னு சேக்கல.

ஆரணி_பட்டு: நான் புடவை வீட்லயே வச்சிருக்கேன், எலி ஒரு பண்டலையே கடிச்சிருச்சி. குடோன் எடுத்தா மொதல்ல பூனை வளங்க 😀

காட்பாடி_குமார்: பேக்கர் அண்ணா, தீபாவளிக்கு ஒரே நாள்ல 120 ஆர்டர் வந்தா அந்த ஒரு பையன் இன்னா பண்ணுவான்? அத ஏன் கணக்குல சேக்கல?

பழைய_பேக்கர்: நியாயம்தான், அந்த ரெண்டு வாரத்துக்கு இன்னொரு ஆள் கூலிக்கு போட்டுதான் ஆவணும். ஆனா எனக்கு பயம் ரிட்டர்ன்ல. நான் ஒரு இடத்துல விட்டப்ப, கஸ்டமர் ஆணியால கூடுதலா ஓட்டை போட்டு திருப்பின பெல்ட்ட பார்கோட் மட்டும் ஸ்கேன் பண்ணி நல்ல ஸ்டாக்ல போட்டுட்டாங்க, அதுவே அடுத்த ஆளுக்கு போயி ஒரு ஸ்டார் வாங்கிச்சி. பெல்ட் போட்டு பாத்ததான்னு நம்ம கைக்கு உடனே தெரியும், ஓட்டைய ஒட்டி மடிச்ச எடத்துல தோல் வெளுத்து கோடு விழுந்திருக்கும், பக்கிள் உள்பக்கம் கீறல் இருக்கும். இத தனியா பாக்கறதுக்கும் ரேட் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா ரிட்டர்ன மட்டும் உங்க அட்ரஸுக்கு வர வைங்க.

பெல்ட்கடை_ஆம்பூர்: என்கிட்ட 60 வெரைட்டி, சைஸ் கலர் எல்லாம் சேத்து. ஓடறது 12தான். அத மட்டும் சென்னைக்கு அனுப்பினா?

காட்பாடி_குமார்: அதான் பெஸ்ட்.

பழைய_பேக்கர்: ஒரே ஆள் ஓடற பெல்ட் ஒண்ணு, ஓடாத பர்ஸ் ஒண்ணுன்னு வாங்கினா ரெண்டு பார்சல், ரெண்டு கூரியர் காசு. போன மாச ஆர்டர்ல அப்படி எத்தன இருக்குன்னு எண்ணி பாத்துட்டு சொல்லுங்க.