'ரன்னர்' என்பதற்குத் தமிழ் வேண்டும், வியாழனுக்குள்

செல்வி, திங்கள் காலை

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை சமூக மன்றத்தில் இளையர்களுக்கு எழுத்துப் பட்டறை. அரைமணி நேர நகைச்சுவை நிகழ்ச்சியை எப்படிக் கோப்பது என்ற கையேட்டைத் தமிழில் தரச் சொல்லியிருக்கிறார்கள். 'ஸ்கெட்ச்' என்பதைத் 'துணுக்கு' என்று எழுதிவிட்டேன். மாட்டிக்கொண்டது 'ரன்னர்'. ஒரு துணுக்கு முடிந்த மாதிரி போய்விடும். சம்பந்தமில்லாத இரண்டு மூன்று துணுக்குகள் கழித்து மறுபடி தலைகாட்டும், கடைசியில் இன்னொரு தடவை வரும். 'ஓட்டக்காரர்' என்று எழுதிப் பார்த்தேன். மகன் படித்துவிட்டு, "மாரத்தான் பயிற்சியா அம்மா?" என்கிறான். வியாழன் மாலை அச்சகத்துக்குப் போகவேண்டும்.

கதிர், திங்கள் மதியம்

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை அக்கா? 'தொடர் கதாபாத்திரம்' போதுமே. நம்ம சேனல் 5 'தி நூஸ்' நிகழ்ச்சியில் மிஷெல் சோங் பார்பரெல்லாவாக வாராவாரம் வருவாரே, அதுதான் ரன்னர்.

நஸீரா, திங்கள் இரவு

கதிர், பாதி சரி. பார்பரெல்லா வாராவாரம் திரும்பி வரும் பாத்திரம். ரன்னர் ஒரே அரைமணிக்குள் திரும்பி வருவது. இரண்டும் செய்யும் வேலை வேறு. வாராவாரம் வருபவரை மக்கள் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவர் வந்து தன் வழக்கமான கோணலைக் காட்டினாலே பாதிச் சிரிப்பு வந்துவிடும். ரன்னரை யாரும் எதிர்பார்க்கக் கூடாது. போய்விட்டது என்று நினைத்திருக்கும்போது வரவேண்டும்.

செல்வி, கையேட்டில் உதாரணம் இல்லையென்றால் இதைப் போடுங்கள். 1970 செப்டம்பரில் பிபிசியில் வந்த மான்டி பைத்தான் நிகழ்ச்சி, ஸ்பானிய சமய விசாரணைத் துணுக்கு. முதல் தடவை ஒருவர் சலிப்பில், இதென்ன ஸ்பானிய விசாரணையா என்கிற மாதிரி சொல்கிறார். உடனே சிவப்பு அங்கிக் கார்டினல்கள் மூன்று பேர் கதவை உடைத்துக்கொண்டு வருகிறார்கள். தங்கள் ஆயுதங்களை எண்ணத் தொடங்கி எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார்கள். சித்திரவதைக் கருவி என்று கொண்டுவந்தது பாத்திரம் உலர்த்தும் தட்டு. இது நன்றாக நீளமாகப் போகும். இடையில் வேறு துணுக்குகள். இரண்டாவது தடவை ஒரு பாட்டிக்கு மெத்தையும் சொகுசு நாற்காலியும்தான் வதை. மூன்றாவதுதான் பாடம். ஒரு நீதிமன்றத் துணுக்கின் முடிவில் அதே வாசகத்தை ஒருவர் சொல்கிறார். எல்லாரும் கதவைப் பார்க்கிறார்கள். யாரும் வரவில்லை! கார்டினல்கள் அப்போதுதான் பேருந்து பிடிக்க ஓடுகிறார்கள். திரையில் நடிகர் பெயர்கள் ஓடத் தொடங்கிவிட்டன, பேருந்தில் உட்கார்ந்து இன்னும் எத்தனை பெயர் பாக்கி என்று பதறுகிறார்கள். உள்ளே பாய்ந்து வாய் திறக்கும்போது நிகழ்ச்சியே முடிந்துவிடுகிறது.

முதல் தடவை பழக்குகிறது, இரண்டாவது உறுதி செய்கிறது, மூன்றாவது அந்தப் பழக்கத்தையே கவிழ்க்கிறது. சொல்லில் இது தெரியவேண்டும்.

மாணிக்கம், செவ்வாய் அதிகாலை

அம்மா நஸீரா விளக்கியதைப் படித்ததும் தூக்கம் போயிற்று. இதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: மடக்கு. தண்டியலங்காரத்துச் சொல்லணியியலைப் புரட்டுங்கள். வந்த எழுத்துத் தொகுதியே மீண்டும் வந்து வேறு பொருள் தரவேண்டும். அடுத்தடுத்து வரலாம், நடுவே வேறு சொற்கள் நிற்க விட்டுவிட்டும் வரலாம். பின்னதை இடையிட்ட மடக்கு என்பர். அதே கதவு, அதே வாசகம், நடுவே வேறு துணுக்குகள், மூன்றாம் முறை பொருள் வேறு. இதைவிடப் பொருத்தம் கிடைக்காது.

'துணுக்கு' நல்ல தேர்வு. துணித்தல் என்றால் வெட்டுதல். துணி, துண்டு, துணுக்கு மூன்றும் ஒரே வேர். துணிவும் அப்படியே, ஐயத்தை வெட்டிவிடுவதால். 'துணை' கூட இதில் சேருமோ என்று நெடுநாளாக ஓர் எண்ணம் உண்டு. தனி மடலில் எழுதுகிறேன்.

கதிர், செவ்வாய் காலை

ஐயா, தனி மடலிலேயே இருக்கட்டும். பதினேழு வயதுப் பிள்ளையிடம் மடக்கு என்றால் மடக்கு நாற்காலியைத்தான் தேடும். இன்னொருவன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வருவான்.

முருகு, செவ்வாய் இரவு

சொல் எதுவாகவும் இருக்கட்டும், அந்தக் கையேடு எனக்கும் ஒன்று வேண்டும். எங்கள் புளோக் பொங்கல் விழாவில் இதே காரியம் செய்து மானம் போயிற்று. மின்தூக்கியில் மாட்டிக்கொண்ட மாமா, வெளியே நின்று யோசனை சொல்லும் மாமி. முதல் தடவை கைதட்டல் அள்ளியது. அந்தத் தெம்பில் இரண்டாவதையும் மூன்றாவதையும் அதே நான்கு நிமிடத்துக்கு இழுத்தேன். ஆட்கள் அதே, மின்தூக்கி அதே, மாட்டிக்கொண்ட மாடி மட்டும் வேறு. மூன்றாவதில் மாமி வாய் திறக்குமுன் முன்வரிசை எழுந்து வடை வரிசையில் நின்றது. என் தம்பியும் அதில் இருந்தான்.

நஸீரா, செவ்வாய் நள்ளிரவு

முருகு அண்ணே, மாடி மாறியது போதாது, நீளமும் குறையவேண்டும். முதலாவது நான்கு நிமிடம் என்றால் அடுத்தது இரண்டு, கடைசி அரை நிமிடம்கூடப் போதும். விதி ஒன்றுமில்லை, ஆனால் அந்த மாமாவையும் மாமியையும் திரும்ப அறிமுகப்படுத்த வேண்டியதில்லையே, நேரே சிரிப்புக்குப் போகலாம். மூன்றாவதில் மின்தூக்கிக் கதவு திறந்து மாமா இல்லாமல் மாமி உள்ளே நின்றிருந்தால் வடை ஆறியிருக்கும்.

ஒத்திகையில் கண்டுபிடிக்க ஒரு வழி: இரண்டாவதை எடுத்துவிட்டு நடித்துப் பாருங்கள். மூன்றாவதில் சிரிப்பு குறையாவிட்டால், இரண்டாவது சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று பொருள்.

செல்வி, புதன் காலை

இதை அப்படியே கையேட்டில் சேர்த்துக்கொள்கிறேன் நஸீரா. ஆனால் சொல்? நேற்று ஒருவர் வாட்சப்பில் 'பல்லவி' என்றார்.

மாணிக்கம், புதன் காலை

பல்லவி பாட்டின் நடு நாயகம், சரணமெல்லாம் அதை நாடி வரும். இதுவோ ஓரமாக எட்டிப் பார்ப்பது. சொல்லும் வடசொல். இன்னொன்று சொல்லவேண்டும். ஒரு துணுக்கின் கடைசிப் பொருளே அடுத்த துணுக்கின் முதலாக அமைவதும் உண்டாமே. அது அந்தாதித் தொடை.

நஸீரா, புதன் மதியம்

உண்டு ஐயா. 1995 முதல் எச்பிஓவில் வந்த மிஸ்டர் ஷோ அப்படித்தான் ஓடியது. ஒரு துணுக்கில் போகிறபோக்கில் வந்த ஆளோடு கேமரா நகர்ந்து போய் அடுத்ததைத் தொடங்கிவிடும். துணுக்குகளுக்குள் உறவே இருக்காது, ஆனால் நடுவில் வெட்டுத் தெரியாது. 'அந்தாதி' எனக்குப் பிடித்திருக்கிறது.

கதிர், புதன் மதியம்

பல்லவி வடசொல் என்று ஒதுக்கிவிட்டு அந்தமும் ஆதியும் மட்டும் எந்த ஊர்ச் சொல் ஐயா?

மாணிக்கம், புதன் மாலை

பிடித்துவிட்டாய் தம்பி. ஈறுமுதலி என்று மாற்றலாம், ஆனால் எனக்கே வாயில் நுழையவில்லை.

முருகு, புதன் இரவு

'மீள்துணுக்கு' என்று போட்டால் என்ன? கேட்டவுடன் புரிகிறது.

நஸீரா, புதன் இரவு

புரிகிறது. மீள்கிறது என்பது மட்டும்தான் புரிகிறது, மாறுகிறது என்பது இல்லை. அப்படியே மீண்டால் என்ன ஆகும் என்று வடை வரிசையைக் கேட்டால் தெரியும். இருந்தாலும் எதிர்க்கவில்லை.

கதிர், வியாழன் காலை

மீள்துணுக்குக்கு என் கையும் உயர்ந்தது.

செல்வி, வியாழன் மதியம்

மீள்துணுக்கு என்றே அனுப்பிவிட்டேன். இடம் இருந்ததால் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'மடக்கு என்பாரும் உளர்' என்று சேர்த்திருக்கிறேன். இனி 'பிளாக்அவுட்' பாக்கி. ஒரே ஒரு அடி அடித்துவிட்டு, அரை நிமிடத்துக்குள் விளக்கை அணைத்துவிடும் குட்டித் துணுக்கு. அடுத்த அச்சுக்குள் போதும்.

மாணிக்கம், வியாழன் மாலை

ஓரத்தில் என்றாலும் சரி. அதை 'இடையிட்ட மடக்கு' என்று திருத்த அச்சகத்தில் இன்னும் நேரம் இருக்குமா?